14 நாள் இலவசச் சோதனை முடிந்தது, அதோடு ஆளையே காணோம். அடுத்து என்ன எழுதுவது?

இருப்புக்கணக்கு (கேட்டவர்)

வணக்கம். கிடங்கு இருப்பைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை விற்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நிறுவனத்தின் கிடங்கு மேலாளருக்கு டெமோ காட்டினேன். 40 நிமிடம் என்று பேசி 70 நிமிடம் போனது. அவர்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டு இழுத்தார். பார்கோடு ஸ்கேன் செய்வதைக் காட்டியதும் "இதுதான் எங்களுக்கு வேண்டும்" என்று வாய்விட்டுச் சொன்னார். அன்றே 14 நாள் சோதனைக் கணக்கு திறந்து கொடுத்தேன்.

சோதனைக் காலம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்று மெயில் அனுப்பினேன், இரண்டு முறை அழைத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியாக அனுப்பியது இது:

"வணக்கம் ஐயா, எங்கள் மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தீர்களா? ஏதாவது முடிவு எடுத்தீர்களா என்று தெரிந்துகொள்ளலாமா? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

இத்தனைக்கும் அந்த மெயிலை 11 முறை திறந்திருப்பதாக எங்கள் கருவி காட்டுகிறது. ஆர்வம் இல்லாதவர் 11 முறையா திறப்பார்? சோதனைக் காலத்தை இன்னும் 14 நாள் நீட்டிக் கொடுக்கலாமா, இல்லை விலையைக் குறைத்துப் பார்க்கலாமா?

வேகவண்டி

11 முறை திறந்திருக்கிறார் என்றால் ஆள் சூடாக இருக்கிறார். மெயிலை விடுங்கள், போனைப் போடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அடுத்த முறை மெயில் திறந்த அறிவிப்பு வந்த அதே நிமிடம் அழையுங்கள், நிச்சயம் எடுப்பார். நான் இப்படித்தான் செய்கிறேன். விலையை மட்டும் இப்போது தொடாதீர்கள். அவர் விலை என்ற வார்த்தையே எடுக்கவில்லை, நாமாகப் போய் ஏன் குறைக்க வேண்டும்?

நிலுவைநெஞ்சன்

எனக்கும் இதே தலைவலிதான். வேலையை முடித்துக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது, இன்வாய்ஸ் அனுப்பியதும் ஆள் மாயம். நீங்கள் மேலாளரிடம் பேசிப் பயனில்லை, கணக்குப் பிரிவுக்கு நேராக எழுதுங்கள், கெடு தேதி போடுங்கள். தாமதக் கட்டணம் பற்றி ஒரு வரி சேர்த்தால் உடனே அசைவு தெரியும்.

இருப்புக்கணக்கு

நண்பரே, இவர் இன்னும் வாங்கவே இல்லை. வாங்கியிருந்தால் கெடு போட்டிருப்பேன் 😀

பழையசெருப்பு

விலையைப் பற்றி வேகவண்டி சொன்னது சரி. 11 முறை என்ற கணக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

மெயில் திறந்ததா என்று பார்க்க உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம் ஒன்றை வைக்கிறார்கள். அந்தப் படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021-இலிருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பைப் போட்டு வைத்தவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் தொடாவிட்டாலும் படம் பின்னணியில் தானாக இறங்கிவிடும். பல நிறுவனங்களில் மெயில் உள்ளே வரும் முன்பே ஒரு பாதுகாப்பு மென்பொருள் அதைப் பிரித்துப் பார்க்கிறது, இணைப்புகளைக்கூட அதுவே சொடுக்கிப் பார்க்கும். ஆக, அந்த 11-இல் மனிதக் கண் எத்தனை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அறிவிப்பு வந்த நொடியில் அழைத்தால், உண்மையிலேயே படித்தவருக்கு நாம் ஒளிந்து பார்ப்பது போலத் தோன்றும்.

இதைவிட நல்ல சாட்சி உங்களிடமே இருக்கிறது. சோதனைக் கணக்கு திறந்து கொடுத்தீர்களே, அதில் என்ன நடந்தது என்று பார்த்தீர்களா? டெமோ மட்டும் பார்த்து மௌனமானவர் விஷயத்தில் நாம் ஊகம்தான் செய்ய வேண்டும். சோதனை செய்தவர் தடம் விட்டுப் போயிருப்பார். எந்த நாள் வரை உள்ளே வந்தார், கடைசியாக எந்தத் திரையில் இருந்தார், வேறு யாரையாவது கணக்கில் சேர்த்தாரா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குமுன் நீட்டிப்பும் வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம். நான்காம் நாளே விட்டுப் போனவருக்கு இன்னும் 14 நாள் கொடுத்தால், வராத நாட்கள் 14 கூடும், அவ்வளவுதான்.

மறுபக்கம்

நான் வாங்கும் பக்கத்தில் இருப்பவள். போன வருடம் இப்படி ஒரு விற்பனையாளருக்கு ஒரு மாதம் பதிலே போடவில்லை. மென்பொருள் பிடிக்கவில்லை என்று இல்லை. மேலதிகாரி "ஏற்கெனவே இருக்கும் கணக்கு மென்பொருளோடு இது சேருமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, பிறகு கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் வேறு வேலை வந்தது. ஒரு வாரம் போனதும் பதில் எழுதவே கூச்சமாகிவிட்டது. "முடிவு எடுத்தீர்களா?" என்று மெயில் வரும்போதெல்லாம் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி இருக்கும், மூடி வைத்துவிடுவேன். முடிவு எடுக்கும் அதிகாரமே என்னிடம் இல்லை, இதற்கு என்னத்தைப் பதில் எழுதுவது?

இருப்புக்கணக்கு

பழையசெருப்பு அண்ணா, பார்த்தேன். இதை நான் முன்பே செய்யவில்லை என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பயன்பாட்டுப் பதிவுகள் தொழில்நுட்பக் குழுவிடம் இருக்கின்றன, கேட்டதும் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள்.

முதல் நாள் உள்ளே வந்து, பொருள் பட்டியலை எக்செலிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றியிருக்கிறார். 1,840 வரி, பிழை ஒன்றும் இல்லை. இரண்டு, மூன்றாம் நாட்களில் சும்மா சுற்றிப் பார்த்திருக்கிறார். நான்காம் நாள் ஸ்கேனரை எடுத்திருக்கிறார். 20 நிமிடத்துக்குள் 31 முறை "பொருள் கிடைக்கவில்லை" என்று வந்திருக்கிறது. அதன்பின் அவர் உள்ளே வரவே இல்லை. வேறு யாரையும் சேர்க்கவும் இல்லை.

தேடிக் கிடைக்காத எண்களைக் குழுவிலிருந்த தம்பி ஒருவர் பார்த்தார். 31-உம் 00 என்று தொடங்குபவை. உதாரணத்துக்கு 00417. எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றிருக்க வேண்டும், எங்களிடம் 417 என்று ஏறியிருக்கும். ஸ்கேனர் 00417 என்று கேட்கிறது, மென்பொருள் இல்லை என்கிறது. "இதுதான் வேண்டும்" என்று சொன்ன அதே ஸ்கேன், முதல் முயற்சியிலேயே கைவிட்டிருக்கிறது.

இப்படி எழுதலாமா? "நீங்கள் 4-ஆம் நாள் 31 முறை ஸ்கேன் செய்து தோல்வி அடைந்ததைப் பார்த்தோம். உங்கள் கோப்பில் தவறு இருந்தது. நாங்களே உங்கள் பட்டியலைத் திருத்திவிட்டோம்."

பழையசெருப்பு

ஐயோ, வேண்டாம். கண்டுபிடித்தது அருமை, எழுதியதில் மூன்று இடத்தில் இடறுகிறீர்கள். 31 என்று எண்ணிக்கை சொன்னால் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தது போல இருக்கும். தவறு அவருடையது என்கிறீர்கள். பூஜ்யம் போனதை ஏற்றும்போதே எச்சரித்திருக்க வேண்டியது உங்கள் மென்பொருள். மூன்றாவது, சோதனைக் கணக்கானாலும் அது அவர்கள் தரவு. கேட்காமல் கை வைக்கக் கூடாது. தேடல் பிழைப் பதிவைப் பார்த்ததோடு நிறுத்துங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் ஐயா. சோதனையின்போது பூஜ்யத்தில் தொடங்கும் பொருள் எண்கள் ஸ்கேனில் கிடைக்காமல் போயிருக்கின்றன. எக்செல் முன் பூஜ்யங்களை நீக்கியதை எங்கள் பதிவேற்றம் கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சரிசெய்ய ஐந்து நிமிட வேலை. நீங்கள் சரி என்றால் நாங்களே அந்த எண்களைத் திருத்தி, கணக்கை மூன்று நாள் திறந்து வைக்கிறோம். 00417-ஐ ஒரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள், போதும். திருத்தட்டுமா?"

அவர் "சரி" என்று ஒரு சொல் எழுதினால் போதும். நீட்டிப்பும் இருக்கிறது, ஆனால் மூன்று நாள்தான், ஒரே ஒரு காரியத்துக்காக. மறுபக்கம் அம்மா சொன்ன கூச்சமும் கலையும், ஏனென்றால் பிழையை நாம் ஏற்றுக்கொண்டோம். பழைய மெயில்களுக்குக் கீழேயே போடாதீர்கள், புதிய தலைப்பில் அனுப்புங்கள். "00417 ஸ்கேன் ஆகாதது பற்றி" என்றே தலைப்பு வையுங்கள்.

வேகவண்டி

நல்ல மெயில்தான். ஆனால் இதற்கும் பதில் வராவிட்டால்? "உங்கள் கோப்பை மூடுகிறோம்" என்று கடைசி மெயில் ஒன்று போட்டால் பாதிப் பேர் பதறிப் பதில் போடுவார்கள். எனக்கு வேலை செய்திருக்கிறது.

பழையசெருப்பு

உண்மையிலேயே மூடப்போகிறீர்கள் என்றால் எழுதலாம். மூடுகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரத்தில் மறுபடி கதவைத் தட்டினால் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. சோதனைத் தரவு எந்தத் தேதியில் அழியும் என்று உங்கள் விதியில் இருந்தால் அதைச் சொல்லுங்கள், அது நேர்மையான காரணம். ஒரு வாரம் கழித்து இன்னும் ஒரு முறை எழுதலாம். அதற்குமேல் அந்த ஒருவரையே தட்டுவதில் பலன் குறைவு, டெமோவில் இல்லாத இன்னொருவர் யார் என்று தேட வேண்டும்.

இருப்புக்கணக்கு

ஐந்து நாள் கழித்து வருகிறேன். நீங்கள் எழுதியதை என் நடையில் மாற்றி அனுப்பினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: "திருத்துங்கள். ஸ்கேனர்தான் பழுது என்று நினைத்திருந்தேன்."

திருத்திக் கொடுத்தோம். நேற்று 60-க்கு மேல் ஸ்கேன், எல்லாம் கிடைத்திருக்கிறது. அழைத்தேன், எடுத்தார். பிறகுதான் உண்மையான முடிச்சு வெளியே வந்தது. நிதிப் பிரிவுத் தலைவர் "இருப்பு மதிப்பு நம் கணக்குப் புத்தகத்துக்கு எப்படிப் போகும்?" என்று இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார். இவர், ஸ்கேனே ஓடாத மென்பொருளுக்காக எதற்குப் பேசுவது என்று விட்டுவிட்டார். மறுபக்கம் சொன்னது அப்படியே!

வியாழக்கிழமை நிதித் தலைவரோடு 20 நிமிடம் பேச்சு. போனை வைக்கும் முன்பே தேதியைக் குறித்துவிட்டேன். அவருக்குத் திரையைக் காட்டுவதா, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதா?

மறுபக்கம்

எழுதிக் கொடுங்கள். கிடங்கு மேலாளர் பெயரிலேயே உள்ளுக்குள் அனுப்பக்கூடிய மாதிரி, உங்கள் விளம்பர வாசகம் எதுவும் இல்லாமல். எனக்கு அன்று அப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் போதும்.

பழையசெருப்பு

நான் திரையைக் காட்டச் சொல்வேன். நிதிக்காரர் தன் கேள்விக்கான பதிவு விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். தாள் அதற்குப் பிறகு. முதலில் மேலாளரிடமே கேளுங்கள், அந்த மனிதரை அவருக்குத்தான் தெரியும்.

புதியவன்

இடையில் ஒரு சந்தேகம். எனக்கு டெமோ மட்டும்தான், சோதனைக் கணக்கே கிடையாது. பார்க்கப் பதிவும் இல்லை. பத்து நாளாகச் சத்தம் இல்லை. எங்கே தொடங்குவது?

பழையசெருப்பு

டெமோவில் அவர் கேட்ட கேள்விகளைக் குறித்து வைத்தீர்களா? நீங்கள் "பிறகு சொல்கிறேன்" என்று விட்ட கேள்வி ஏதாவது உண்டா?

புதியவன்

இரண்டு உண்டு. சொல்லவே இல்லை.