வரைபடக் கோட்டுக்கும் அளவீட்டுக்கும் இடையே மிஞ்சுவது: எச்சமா, விலகலா?

மா.செ., பாளையங்கோட்டை

குழுவினருக்கு வணக்கம். மூன்றாம் ஆண்டு இளங்கலை வேதியியல் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வருகிறது. இந்த முறை வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரும் தம் சோதனை முடிவை ஒரே ஒரு ஸ்லைடில் காட்ட வேண்டும். தமிழ்வழி மாணவர்கள் தமிழிலேயே தயாரிக்கிறார்கள். எல்லாச் சொற்களும் கிடைத்துவிட்டன, ஒன்றைத் தவிர.

சோதனை எளியது. 50 மில்லிலிட்டர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கடத்துத்திறன் மின்கலத்தை வைத்து, பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை ஒவ்வொரு மில்லிலிட்டராக விட்டு மீட்டரைப் படிக்கிறோம். கடத்துத்திறன் முதலில் இறங்கும், பிறகு ஏறும். இறங்கும் புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு, ஏறும் புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு. இரண்டும் வெட்டும் இடமே முடிவுப்புள்ளி.

கோட்டின் மேல் எல்லாப் புள்ளிகளும் உட்காருவதில்லை. மீட்டர் காட்டிய அளவிலிருந்து அதே இடத்தில் கோடு சொல்லும் அளவைக் கழித்தால் வருகிற சிறு தொகைக்கு என்ன பெயர் வைப்பது? மாணவி ஒருத்தி ‘எச்சம்’ என்று போட்டிருக்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆய்வக உதவியாளர், சேலம்

அம்மா, எச்சம் சரிதானே? சல்பேட் நிர்ணயத்தில் பேரியம் சல்பேட்டை வடிகட்டினால் தாளில் தங்குவதை நாங்கள் எச்சம் என்றுதான் பதிவேட்டில் எழுதுகிறோம். புடக்குகையில் வைத்து எரித்து, ஆறவிட்டு, இரண்டு முறை நிறுத்து ஒரே எடை வரும்வரை பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் எடை கூடும். அதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மா.செ., பாளையங்கோட்டை

சேலம் நண்பருக்கு நன்றி. நான் கேட்டது தாளில் தங்குவதை அல்ல, கணக்கில் மிஞ்சுவதை. ஆனால் உங்கள் பதிலே என் தயக்கத்துக்குச் சாட்சி. வேதியியல் ஆய்வகத்தில் எச்சம் என்றதும் வடிதாள்தான் நினைவுக்கு வருகிறது. பறவை எச்சத்தை நினைத்துச் சிரிக்கும் கடைசி பெஞ்சு வேறு இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

எச்சம் நல்ல சொல். பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் ஆண்டாண்டு காலமாக இருக்கிறது. பறவையைக் காரணம் காட்டி அதைத் தள்ளுவது முறையல்ல. உங்களுக்கு உடன்பாடில்லையென்றால் ‘பிழை’ என்று வையுங்கள். அளவீடு கோட்டில் விழவில்லை என்றால் அளந்தவர் எங்கோ தவறியிருக்கிறார், அவ்வளவுதானே?

புள்ளியியல் துறை, சென்னை

ஐயா, பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும். இந்த எச்சம் எதைக் கொண்டு முடிகிறது என்பதுதான் கேள்வி.

‘பிழை’ மட்டும் கூடாது. பிழை என்பது உண்மை மதிப்பிலிருந்து அளவீடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. உண்மை மதிப்பு நமக்குத் தெரியாது, ஆகையால் பிழையும் தெரியாது. இங்கே நாம் கணக்கிடுவது, நாமே போட்ட கோட்டிலிருந்து அளவீடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை. தவறு அளவீட்டில் இருக்கலாம், கோட்டிலும் இருக்கலாம். அம்மா, உங்கள் மாணவியின் எண்களை அப்படியே அனுப்ப முடியுமா?

மா.செ., பாளையங்கோட்டை

அனுப்புகிறேன். மீட்டர் மில்லிசீமென்ஸில் இரண்டு தசம இடம் காட்டும். 0 முதல் 4 மில்லிலிட்டர் வரை 4.26, 3.59, 2.94, 2.32, 1.73. 5-இல் 1.15. பிறகு 6 முதல் 10 வரை 1.57, 1.98, 2.38, 2.76, 3.13. திருப்பம் 5-க்கு அருகில் இருப்பதால் அந்தப் புள்ளியை இரண்டு கோட்டிலும் சேர்க்கவில்லை. வெட்டுப்புள்ளி 4.88 மில்லிலிட்டர் என்று வந்தது.

கல்லூரி விரிவுரையாளர், கோயம்புத்தூர்

ஏறுகிற கோட்டுக்கு நானும் போட்டுப் பார்த்தேன். R² 0.9995 வருகிறது. மூன்று ஒன்பது. இதற்கு மேல் எந்தத் தேர்வாளர் கேட்கப்போகிறார்? மிஞ்சுவதை எல்லாம் ஸ்லைடில் ஏற்றிக் குழப்ப வேண்டாம். காட்டாத ஒன்றுக்குப் பெயரும் வேண்டாம்.

புள்ளியியல் துறை, சென்னை

அந்த மூன்று ஒன்பதுதான் ஏமாற்றுகிறது. ஏறும் கோட்டின் ஐந்து புள்ளிகளுக்கும் மிஞ்சுவதைக் கணக்கிட்டேன். வரிசையாக −0.014, +0.006, +0.016, +0.006, −0.014. அளவைப் பார்க்காதீர்கள், குறியைப் பாருங்கள். இரு முனையும் கோட்டுக்குக் கீழே, நடு மூன்றும் மேலே. கை நடுங்கியதாலோ மீட்டர் தடுமாறியதாலோ வந்த வேறுபாடு இப்படி வில் போல வரிசை கட்டி நிற்காது, மேலும் கீழுமாகச் சிதறும். புள்ளிகள் நேர்கோட்டிலேயே இல்லை, மெல்லிய வளைவில் இருக்கின்றன. R² அதைச் சொல்லாது. 1.57-லிருந்து 3.13 வரை ஏறும் பெரிய ஏற்றத்துக்கு முன்னால் இந்த வளைவு அதன் கண்ணுக்கே படாது.

வளைவு எங்கிருந்து வந்தது? பியூரெட்டிலிருந்து காரம் மட்டும் விழவில்லை, நீரும் விழுகிறது. 50 மில்லிலிட்டராக இருந்தது முடிவில் 60 ஆகிவிட்டது. அயனிகள் அந்த அளவுக்கு நீர்த்துப்போவதால் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, அதுவும் போகப்போக அதிகமாக. ஒவ்வொரு அளவீட்டையும் கன அளவுக்காகத் திருத்திவிட்டுக் கோடு போட வேண்டும். கன அளவு A நிரலிலும் மீட்டர் அளவு B நிரலிலும், இரண்டாம் வரிசையில் தொடங்கி இருந்தால், C, D நிரல்களுக்கு இவ்வளவுதான்:

```
C2:  =B2*(50+A2)/50
D8:  =C8-FORECAST(A8,C$8:C$12,A$8:A$12)
```

திருத்திய பின் ஏறும் பக்கத்தில் மிஞ்சுவது எந்தப் புள்ளியிலும் 0.003-ஐத் தாண்டவில்லை, வில்லும் போய்விட்டது. வெட்டுப்புள்ளி 5.01. முன்பு வந்தது 4.88. அமிலத்தின் செறிவு 0.0098 நார்மலிலிருந்து 0.0100-க்கு நகர்கிறது. ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு. ஐயா, இந்தப் பெண் அளந்ததில் தவறே இல்லை. அதைப் ‘பிழை’ என்று எழுதியிருந்தால் அவள் பியூரெட்டைத்தான் சந்தேகித்திருப்பாள்.

என் முன்மொழிவு: கோட்டு விலகல். எதிலிருந்து விலகல் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

கல்லூரி விரிவுரையாளர், கோயம்புத்தூர்

ஒப்புக்கொள்கிறேன், குறிகளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் காரத்தின் செறிவு அமிலத்தைப் போலப் பத்து மடங்கு இருந்தால் நீர்த்தலைப் பொருட்படுத்த வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்லிவருகிறோம்.

மா.செ., பாளையங்கோட்டை

இங்கேயும் பத்து மடங்குதானே ஐயா? இருந்தும் இரண்டரை விழுக்காடு போயிருக்கிறது. பத்து மடங்கு என்பது நீர்த்தலைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. இரண்டும் ஒரே செறிவில் இருந்திருந்தால் முடிவுப்புள்ளியில் கன அளவு இரட்டிப்பாகி, கோடு என்று சொல்லவே கூச்சமாக இருந்திருக்கும். நூறு மடங்கு வைத்தாலோ அரை மில்லிலிட்டரிலேயே முடிவு வந்துவிடும், பியூரெட்டில் படிக்க முடியாது.

ஆசிரியர், யாழ்ப்பாணம்

இங்கே நாங்கள் தரம்பார்த்தலை நியமிப்பு என்போம், பியூரெட்டை அளவி என்போம், வரைபடத்தை வரைபு என்போம். ‘விலகல்’ எங்களுக்குப் பழகிய சொல். நீங்கள் திட்டவிலக்கம் என்பதை நாங்கள் நியம விலகல் என்கிறோம். அதனால்தான் தயங்குகிறேன். விலகல் என்றதும் எங்கள் பிள்ளைகள் சராசரியிலிருந்து கழிக்கத் தொடங்கிவிடுவார்கள். முன்னால் ‘கோட்டு’ இருப்பது போதுமா என்று தெரியவில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அசற்றிக் அமிலத்தை இதே முறையில் நியமித்தோம். கன அளவுத் திருத்தம் செய்த பிறகும் முதற்பகுதியில் அந்த வில் போகவே இல்லை. மாணவர்கள் சூத்திரம் தவறு என்று இரண்டு நாள் தலையை உடைத்தார்கள். மென்னமிலத்தில் ஆரம்பத்திலேயே கடத்துதிறன் சற்று இறங்கி, பிறகு உப்பு உருவாக உருவாக ஏறும். அந்த முதற் சில புள்ளிகள் இயல்பாகவே வளைந்தவை. அவற்றை விட்டுவிட்டு, உப்பால் ஏறுகிற நேரான பகுதிக்கு மட்டும் கோடு போட்ட பின்தான் ஒழுங்குக்கு வந்தது. ஆகவே வில்லைக் கண்டதும் நீர்த்தல்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். கோடு அங்கே பொருந்தாது என்று மட்டுமே அது சொல்கிறது, ஏன் என்பதை வேதியியல்தான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பிழையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோட்டு விலகலில் எனக்கு வேறொரு குறை. நாளை நேர்கோட்டுக்குப் பதில் வளைவைப் பொருத்தினால் இந்தச் சொல் என்ன ஆகும்? ‘பொருத்த மிச்சம்’ என்றால் எதைப் பொருத்தினாலும் செல்லும்.

புள்ளியியல் துறை, சென்னை

வளைகோடும் கோடுதானே, ஐயா! பொருத்த மிச்சம் என்றால் திருமணப் பொருத்தம் பார்த்து மிஞ்சியது போல ஒலிக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஒலித்தால் ஒலிக்கட்டும். பத்துப் பொருத்தத்தில் எது இல்லை என்று பார்ப்பதும் இதே வேலைதான்.

மா.செ., பாளையங்கோட்டை

தேர்வு நெருங்கிவிட்டதால் ஸ்லைடை இப்படி அமைத்திருக்கிறோம். மேலே ஒரே வரைபடம்: திருத்திய அளவீடுகள் புள்ளிகளாக மட்டும், அவற்றை இணைக்கும் கோடு கிடையாது. மென்பொருள் தரும் வழவழப்பான இணைப்புக்கோடு அடிமுனையை உருட்டிவிடுகிறது, வெட்டுப்புள்ளி எங்கே என்று கை காட்ட முடியவில்லை. இரண்டு நேர்கோடுகளும் ஒன்றையொன்று வெட்டித் தாண்டும்வரை நீட்டப்பட்டிருக்கின்றன. 5-இல் உள்ள புள்ளி உள்ளீடற்ற வட்டமாக இருக்கிறது, கோட்டில் சேர்க்கவில்லை என்பதற்கு அடையாளமாக. அதற்குக் கீழே அதே கிடை அச்சில் ஒரு குறுகிய பட்டை, நடுவில் சுழியக் கோடு, திருத்துவதற்கு முன் மிஞ்சியவை சாம்பல் நிறத்திலும் திருத்திய பின் மிஞ்சியவை கறுப்பிலும். சாம்பல் வில்லாக வளைகிறது, கறுப்பு சுழியத்தை ஒட்டிக் கிடக்கிறது. கடைசியில் ஒரே வரி: முடிவுப்புள்ளி 5.01 மில்லிலிட்டர், அமிலம் 0.0100 நார்மல். அட்டவணை பதிவேட்டில் இருக்கிறது, ஸ்லைடில் இல்லை.

பட்டையின் பக்கத்தில் இப்போதைக்குக் ‘கோட்டு விலகல்’ என்று எழுதியிருக்கிறோம். ஒத்திகையில் தேர்வாளர் போல நான் “இது என்ன?” என்று கேட்டேன். “மீட்டர் சொன்னதில் கோடு சொன்னதைக் கழித்தது” என்று உடனே சொன்னாள். “எது சரி, மீட்டரா கோடா?” என்றேன். சாம்பல் வில்லைக் காட்டி, “இங்கே மீட்டர்தான் சரி, கோடு தவறு” என்றாள்.

யாழ்ப்பாண நண்பரின் தயக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இரு பக்கப் பாடநூல்களிலும் இடிக்காத சொல் கிடைத்தால் அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

ஆய்வக உதவியாளர், சேலம்

அம்மா, மன்னிக்கவும், இப்போதுதான் முழுவதும் படித்தேன். எங்கள் மீட்டரில் வெப்பநிலைத் திருத்தம் அணைந்தே கிடக்கிறது. சோதனை நடக்கும்போது கரைசல் சூடானாலும் இந்த வில் வருமா?

புள்ளியியல் துறை, சென்னை

கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு ஏறும். ஆகவே சோதனை முழுவதும் மெல்லச் சூடேறினால் நிச்சயம் விலகல் வரும். நீர்த்தல் மீட்டரைக் கீழே இழுக்கிறது, சூடு மேலே தள்ளும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று மறைத்து, பட்டை ஒழுங்காகத் தெரியவும் கூடும். தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலையைக் குறித்து வைத்து, எண்களை அனுப்புங்கள்.