எழுத்தறிவு குறைந்த பெரியவர்களுக்கான உரை: வாய்மொழிக் கேள்விகள் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னை கண்ணகி நகரில், வாசிக்கப் பழகாத தாய்மார்களுக்காக, வயிற்றுப்போக்கு பற்றிய நீண்ட உரையை, 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குழந்தைக்குக் கொடுக்கும் செய்முறையாகச் சுருக்கி, படத்துக்கு ஒரு செயல் என அமைத்திருக்கிறேன். கரண்டியை மட்டும் பெரிதாகக் காட்டிய படத்தைச் சிலர் குழம்புக்கரண்டி என்று எண்ணினர். கையும் சேர்ந்த புகைப்படமே தெளிவாக இருந்தது.

“புரிந்ததா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பதால், “உப்பு எவ்வளவு?” என்று உடனேயும், அடுத்த பகுதி முடிந்ததும், இறுதியிலும் கேட்கிறேன். ஆயினும் சிலர் உரக்கச் சொல்லும் விடையில் மற்றவர்களின் தயக்கம் மறைந்துவிடுகிறது. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. கூச்சப்படுத்தாமல் ஒவ்வொருவரையும் சொல்ல வைக்க, இருவர் இருவராகப் பேசச் செய்வதா, கலந்து காட்டச் சொல்வதா? இத்தகைய வகுப்பு எடுத்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.