9, 12, 15 நிமிட மணிகள்: 11 மணி சரிதான், ஆனா எந்த நாள் 11?

குரூப்4_தயாரிப்பு:
மூணு மணிகள் 9, 12, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்குது. காலை 8 மணிக்குச் சேர்ந்து அடிச்சா மறுபடி எப்போ சேரும்? 9×12×15 = 1620 நிமிஷம், அதாவது 27 மணி நேரம். 8 மணியிலிருந்து எண்ணினா காலை 11 வருது. விடைக்குறிப்பிலயும் 11 தான். மீ.சி.ம. எதுக்குங்க?

கணக்கு_வாத்தியார்:
உங்க 11 மறுநாள் 11. விடைக்குறிப்பு சொல்றது அதே நாள் 11.
9 = 3×3, 12 = 2×2×3, 15 = 3×5. மொத்தமா பெருக்கினா நாலு 3 உள்ளே வந்துடுது. ஒரே எண்ணுக்குள்ள அதிகமா இருக்கிறது ரெண்டு 3 தான், அது 9ல. அது போதும். ஆக 2×2×3×3×5 = 180 நிமிஷம், 3 மணி நேரம். 1620லயும் சேர்ந்து அடிக்கும், ஆனா அது 8 மணிக்குப் பிறகு ஒன்பதாவது தடவை. 27க்கும் 3க்கும் வித்தியாசம் சரியா 24 மணி நேரம், அதனாலதான் கடிகாரம் உங்களைக் காப்பாத்திடுச்சு. 9க்குப் பதிலா 6 போட்டுப் பாருங்க: பெருக்கல் 1080, மீ.சி.ம. 60. விடை காலை 9 மணி, உங்க வழியில மறுநாள் அதிகாலை 2.

ராத்திரி_படிப்பு:
சாயங்காலம் 5 மணி வரைக்கும் எத்தனை தடவைன்னு கேட்டா 540÷180 = 3, அவ்வளவுதானே?

கணக்கு_வாத்தியார்:
வகுத்தா வர்றது இடைவெளியோட எண்ணிக்கை. அடிக்கிற நேரத்தை எழுதிப் பாருங்க: 8, 11, 2, 5. நாலு.

ராத்திரி_படிப்பு:
"8 மணிக்குப் பிறகு"ன்னு இருந்தா மூணு தானே சார்?

கணக்கு_வாத்தியார்:
ஆமா, அப்போ மூணு. வெறும் "5 மணிக்குள்"னு கேட்டா நான் நாலுன்னுதான் எடுப்பேன். எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க.

வீடு_கட்டுறவன்:
நம்ம ஹால் 11 அடி 4 அங்குலம், 9 அடி 2 அங்குலம். வெட்டாம போட பெரிய சதுர டைல்ஸ் எதுங்க? மீ.சி.ம. பார்த்தா ஹாலை விடப் பெருசா வருது!

கணக்கு_வாத்தியார்:
டைல்ஸ் ரெண்டு பக்கத்தையும் மீதியில்லாம வகுக்கணும், அதனால மீ.பெ.கா. முதல்ல எல்லாத்தையும் அங்குலமாக்குங்க: 136, 110. 136ஐ 110ஆல வகுத்தா மீதி 26. 110ஐ 26ஆல வகுத்தா மீதி 6. 26ஐ 6ஆல வகுத்தா மீதி 2. 6ஐ 2 மீதியில்லாம வகுக்குது. ஆக 2 அங்குல டைல்ஸ், 68×55 = 3740 துண்டு.

கொத்தனார்_மகன்:
அதை யாருங்க ஒட்டுவா? ரெண்டடி டைல்ஸ் வாங்கி வெட்டுங்க. நீளத்துல 5 முழுசு, ஒரு 16 அங்குலத் துண்டு. அகலத்துல 4 முழுசு, ஒரு 14 அங்குலத் துண்டு. வெட்டின மிச்சம் 8, 10 அங்குலம்தான், வேற எங்கயும் ஆகாது. அதனால 6×5 = 30 முழு டைல்ஸ், உடையறதுக்குத் தனியா ரெண்டு மூணு.

வீடு_கட்டுறவன்:
துண்டு வர்ற பக்கம் வாசல்ல தெரியாம இருக்கணுமே?

கொத்தனார்_மகன்:
வாசல் எந்தச் சுவர்ல இருக்கு? சொல்லுங்க.