புதுப்பிப்பு: பழைய வீட்டு வரி ஆணைக்குச் சான்றிட்ட நகல் கிடைத்துவிட்டது

நான் கேட்டிருந்தது: "காரைக்குடி வீட்டின் மேல் கடன். பழைய வரிவிதிப்பு ஆணையும் வரி கட்டிய விவரமும் சான்றிட்ட நகலாக வேண்டும் என்கிறது வங்கி. எப்படி வாங்குவது?"

எல்லோருக்கும் நன்றி. பலித்தது தகவல் உரிமை மனு போடச் சொன்ன அண்ணன் வழிதான்.

வீட்டு வரி விதிக்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினேன். "நகல்" என்று மட்டும் எழுதினால் வெறும் ஜெராக்ஸ் வரலாம். அதனால் "சான்றிட்ட நகல்" என்றே எழுதி, வரிவிதிப்பு எண்ணையும் ஆண்டுகளையும் குறித்தேன். 14 பக்கத்துக்கு, பக்கம் 2 ரூபாய் வீதம் 28 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்றே கட்டிவிடுங்கள், அவர்கள் கடிதம் அனுப்பியதிலிருந்து நாம் பணம் கட்டும் வரையான நாட்கள் 30 நாள் கெடுவில் சேராது.

இணையத்தில் அச்செடுத்தால் போதும் என்றவர் சொன்னது பாதி சரி: அண்மை ஆண்டு ரசீதுகளை வங்கி ஏற்றது, முத்திரையில்லாத ஆணையை ஏற்கவில்லை. வில்லங்கச் சான்று எடுக்கச் சொன்ன அக்காவுக்கு: அதில் பத்திரப் பதிவுதான் இருக்கும், வரி இருக்காது.

எதிர்பாராதது: பழைய ஆணை ஐயா பெயரில், வேறு வரிவிதிப்பு எண்ணில் இருந்தது. இரண்டும் ஒரே வீடு என்று காட்ட, எண் மாறிய பதிவேட்டுப் பக்கத்துக்குத் தனி மனு போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. முதல் மனுவிலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.