கையில் தங்கம் இருந்தும் விலை ஏறியது: கடன் தங்கம், ஃபார்வர்டு பற்றிய அனுபவங்கள்

கோவை பட்டறை

2024 மார்ச் தொடக்கத்தில் ஒரு கடைக்கு 50 பவுன் கல்யாண செட் செய்துகொடுக்க, அன்றைய விலையிலேயே ஒப்புக்கொண்டேன். சொக்கத் தங்கம் அப்போது கிராம் 6,300 ரூபாயை ஒட்டி இருந்தது. 22 காரட் நகைக்குத் தேவைப்பட்ட 366 கிராம் சொக்கத் தங்கத்தை என் புல்லியன் வியாபாரியிடம் கடனாக வாங்கினேன். தங்கம் பெட்டியில் இருப்பதால் விலையும் என் பக்கம் நின்றுவிட்டது என்றே நம்பினேன். ஏப்ரல் நடுவில் அந்தத் தங்கத்துக்கு அன்றைய விலையை முடிக்க, அதாவது ரேட் கட் செய்யப் போனபோது அவர் தம் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே கிராம் எழுதியிருந்தது, அதற்கு அடுத்த ரூபாய்க் கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றுக் கட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைய விலை 7,200. வித்தியாசம் மட்டும் ஏறத்தாழ 3.3 லட்சம். அந்த வேலையின் மொத்தக் கூலியே அதில் பாதிக்கு வரவில்லை.

மதுரை செயின் வேலை

அண்ணா, கடன் தங்கத்தைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு வருடமாகக் கடன் தங்கத்தில்தான் வேலை செய்கிறேன்; விலையால் ஒரு ரூபாய்கூட இழந்ததில்லை. கடைக்காரர் நகையை எடுக்கும் நாளின் விலையில் எனக்குப் பணம் தருகிறார், அதே நாளில் நானும் வியாபாரியிடம் ரேட் கட் செய்துவிடுகிறேன். ரூபாயில் கடன் வாங்குவதைவிட வட்டியும் குறைவு. நீங்கள் அவசரப்பட்டு ஏப்ரலில் கட் செய்யாமல், விலை இறங்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும்.

சேலம் வாசகி

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். வளையலை வங்கியில் அடகு வைத்தபோது கிராமுக்குக் குறைவான தொகையே தந்தார்கள், மீட்கும்போது வட்டி அதிகமாகிவிட்டது. அடகு வைப்பதற்கு முன் நாலு வங்கியில் விசாரிப்பது நல்லது.

சவுகார்பேட்டை கணக்கர்

அம்மா, இங்கே பேசப்படுவது நகையை அடகு வைத்துப் பெறும் பணக் கடன் அன்று. தங்கத்தையே கடனாக வாங்கி, பிறகு விலை முடிக்கும் கடன்.

மதுரைத் தம்பி சொன்னது அவருடைய வியாபாரத்துக்குச் சரி. அவர் விற்கும் விலையும் மிதக்கிறது, வாங்கும் விலையும் மிதக்கிறது. இரண்டும் ஒரே நாளில் முடிகின்றன. கோவை நண்பர் விற்பனை விலையை மார்ச்சிலேயே முடித்துவிட்டு, வாங்கும் விலையைத் திறந்து வைத்திருந்தார். அவர் கட் செய்யாமல் காத்திருந்தால் நட்டம் இன்னும் பெருகியிருக்கக்கூடும். அதோடு, விலை ஏறும்போது நாம் ஈடாகக் கட்டிய மார்ஜின் பணம் போதாமல் போகும். மேற்கொண்டு பணம் கட்டாவிட்டால் வியாபாரியே அன்றைய ஏறிய விலையில் கட் செய்துவிடுவார். வங்கியில் வாங்கினாலும் உள்நாட்டுப் பட்டறைக்கு அப்போது 180 நாள்தான் கெடு.

விலை பேசி எடுத்த ஆர்டருக்கு, பேசிய அதே நாளில் அதே எடைக்கு வாங்கும் விலையையும் முடித்தாக வேண்டும். வியாபாரியிடம் விலையை அன்றே பேசி, டெலிவரி தேதி எழுதி ஃபார்வர்டு போடலாம், எம்சிஎக்ஸ் பொருள் சந்தையில் 100 கிராமுக்கான கோல்டு மினி என்ற முன்பேர ஒப்பந்தமும் வாங்கலாம். ஆனால் அதிலும் நான் பார்த்த ஒரு நாள் உண்டு. நான் கணக்கு எழுதும் பட்டறை ஒன்று, 400 கிராம் ஆர்டருக்காக நான்கு மினி வாங்கி வைத்திருந்தது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. 10 கிராமுக்கு ஏறத்தாழ 4,000 ரூபாய் சரிந்தது. மினியில் விலை இறங்கினால் வித்தியாசம் அன்றன்றே கழியும் என்பதால், அன்று மாலையே தரகரிடம் இருந்த பட்டறைக் கணக்கிலிருந்து 1.6 லட்சம் கழிந்தது. ஆர்டர் கொடுத்தவர் பேசிய விலையைத் தரத் தயாராகத்தான் இருந்தார், ஆனால் அவர் தருவது நகை கைக்குப் போகும்போது. முதலாளி ஆசாரிகளுக்கு வைத்திருந்த சனிக்கிழமைக் கூலியை எடுத்துக் கட்டினார். விலைக் கணக்கில் அவருக்கு நட்டமே இல்லை. ரொக்கம்தான் அந்த வாரம் இல்லை.

வியாபாரியிடம் போடும் ஃபார்வர்டில் பெரும்பாலும் இந்த அன்றாடக் கழிவு இருக்காது. அதற்குப் பதிலாக விலை சரிந்தால் எவ்வளவு மார்ஜின் கேட்பார், எத்தனை நாளில் கேட்பார் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளரிடம் வாங்கும் அட்வான்ஸ் அந்தத் தொகைக்குக் குறையக் கூடாது. குறைந்தால், விலை இறங்கிய அன்று அவர் ஆர்டரை விட்டுவிட்டுப் போவார், ஃபார்வர்டு உங்கள் தலையில் நிற்கும்.

மதுரை செயின் வேலை

ஐயா, காத்திருக்கச் சொன்னது தவறுதான். ஆனால் 15 சதவீத வரி கட்டிய தங்கத்துக்கு ஃபார்வர்டு போட்டு, டெலிவரிக்கு முன் வரி குறைந்தால், அந்த வித்தியாசத்தை வியாபாரி ஏன் பகிரக் கூடாது? எங்கள் ஊரில் ஒருவர் பாதியைக் குறைத்துக் கொடுத்தார்.

சவுகார்பேட்டை கணக்கர்

அது அவருடைய நல்ல மனம். ஒப்பந்தத்தில் அப்படி எழுதச் சம்மதித்த வியாபாரியை நான் இதுவரை பார்க்கவில்லை.

கோவை பட்டறை

இப்போது என் ஆர்டர் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே வாங்கிய விலையையும் எழுதுகிறேன். அட்வான்ஸ்தான் இன்னும் சிக்கல். சில்லறை வாடிக்கையாளர் தருகிறார். அந்தப் பெரிய கடைக்காரர், “பத்து வருடப் பழக்கத்தில் அட்வான்ஸ் கேட்கிறாயா?” என்கிறார். அவருக்கு ஃபார்வர்டு போடாமல், எடுக்கும் நாளின் விலைக்கு மாறச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.