ஒரு மாறியைச் சேர்த்ததும் இன்னொன்றின் கெழு 0.10-இலிருந்து 0.53-க்குத் தாவுகிறது: எதை நம்புவது?

பனித்துளி: 200 மாணவர்களின் தரவு. படித்த மணிநேரத்தை மட்டும் வைத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கு ரெக்ரஷன் போட்டால் கெழு 0.10, t வெறும் 1.4. போன வருட மதிப்பெண்ணையும் சேர்த்தால் மணிநேரத்தின் கெழு 0.53, t கிட்டத்தட்ட 10. மூன்று மாறிகளும் தரப்படுத்தியவை. எந்த எண் சரி?

சராசரி_சங்கர்: மல்டிகோலினியரிட்டி, வேற என்ன. ரெண்டு மாறியும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டா கெழு இப்படித்தான் ஆட்டம் போடும். போன வருட மார்க்கைத் தூக்கிடுங்க.

எச்சம்: சங்கர், ஒட்டுறவுகளைக் கேட்காமலே தீர்ப்பா? பனித்துளி, மூன்றையும் போடுங்கள்.

பனித்துளி: தேர்வு–மணிநேரம் 0.10. தேர்வு–போன வருடம் 0.60. மணிநேரம்–போன வருடம் −0.50.

எச்சம்: அந்த −0.50-இல்தான் எல்லாம் இருக்கிறது. போன வருடம் குறைவாக எடுத்தவர்கள் இந்த வருடம் அதிக நேரம் படித்திருக்கிறார்கள். கீழே b1 மணிநேரத்தின் கெழு, b2 போன வருட மதிப்பெண்ணின் கெழு.

```
b1 = (0.10 - 0.60*(-0.50)) / (1 - 0.25) = 0.40/0.75 = 0.533
b2 = (0.60 - 0.10*(-0.50)) / (1 - 0.25) = 0.65/0.75 = 0.867
0.533 + 0.867*(-0.50) = 0.10
```

மூன்றாவது வரியைப் பாருங்கள். படிப்பு மேலே தள்ளுவது 0.53. அதிகம் படித்தவர்கள் ஏற்கெனவே பின்தங்கியவர்கள் என்பதால் கீழே இழுப்பது 0.43. தனியாகப் போட்டபோது கண்ணில் பட்டது இரண்டும் கழிந்து மிஞ்சிய 0.10 மட்டும்.

மல்டிகோலினியரிட்டிதான் காரணம் என்றால் திட்டப்பிழை வீங்கியிருக்க வேண்டும். இங்கே 0.071-இலிருந்து 0.054-ஆக இறங்கியிருக்கிறது. அந்த வீக்கத்தை அளக்கும் வி.ஐ.எஃப். வெறும் 1.33.

சராசரி_சங்கர்: சரி, வி.ஐ.எஃப். விஷயத்தை விட்டுடறேன். ஆனா R² பாருங்க. தனித்தனியா 0.01, 0.36. கூட்டினா 0.37. சேர்த்துப் போட்டா 0.57! ரெண்டும் தனியா தராததைச் சேர்ந்து தருதுன்னா இது சப்ரஷன். தேர்வோட ஒட்டுறவே இல்லாத ஒரு மாறி திடீர்னு உயிர் பெறுது. கணக்கோட கண்கட்டு இது.

எச்சம்: சப்ரஷன்தான், மறுக்கவில்லை. கண்கட்டு என்பதைத்தான் ஏற்க மாட்டேன். கெழு பூஜ்ஜியத்தை விட்டு விலகியதால் சப்ரஷன் என்கிறோம். போன வருட மதிப்பெண் படிக்கும் நேரத்தையும் இந்த வருடத் தேர்வையும் சேர்ந்தே பாதித்தால் அதே மாறி குழப்ப மாறியும்கூட. முதல் பெயர் எண்களில் நடந்ததைச் சொல்கிறது, இரண்டாவது உலகில் நடந்ததை. ஒன்றைச் சொன்னதால் மற்றது பொய்யாகாது.

கடைசி_பெஞ்ச்: எனக்கும் இதேதான் நடந்துச்சு! மணிநேரத்தோட கெழு 0.40. இடைத்தேர்வு மதிப்பெண்ணைச் சேர்த்ததும் 0.05. குழப்ப மாறியைப் பிடிச்சு வெளியேத்திட்டேன்னு அறிக்கையிலயும் எழுதிட்டேன்.

எச்சம்: இடைத்தேர்வு நடந்தது படிக்க ஆரம்பித்த பிறகா?

கடைசி_பெஞ்ச்: ஆமா, பாதிப் பருவத்துல.

எச்சம்: அப்படியானால் உங்களுடையது வேறு கதை. படித்ததால் இடைத்தேர்வில் நன்றாகச் செய்தார்கள், அந்த வழியே இறுதித் தேர்விலும் ஏறினார்கள் என்றால், அந்த வழியையே நீங்கள் அடைத்துவிட்டீர்கள். 0.05 என்பது இடைத்தேர்வு வழியாக வராத பங்கு மட்டும். படிப்பின் மொத்தப் பலன் அதுவல்ல. கெழு மாறும் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எது முன்னால் நடந்தது என்பது தரவுக் கோப்பில் இருக்காது, அளந்தவருக்குத்தான் தெரியும்.

சராசரி_சங்கர்: அப்போ பனித்துளிக்கு 0.53-தான் சரின்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? ஆர்வம், வீட்டுச் சூழல்னு அளக்காத ஆயிரம் விஷயம் இருக்கு. அதுல ஒண்ணைச் சேர்த்தா மறுபடி தாவாதா?

எச்சம்: தாவலாம். "0.10-ஐவிட நல்ல விடை" என்பதுவரைதான் என் துணிச்சல். ஒரு சோதனை: போன வருட மதிப்பெண்படி மாணவர்களைக் கீழ், நடு, மேல் என மூன்று குழுவாக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் மணிநேரத்துக்கும் தேர்வுக்கும் கோடு போடுங்கள். மூன்றும் ஏறினால் 0.53 ஃபார்முலாவின் விளையாட்டல்ல.

பனித்துளி: போட்டேன். அதே தரப்படுத்திய அளவில் சாய்வு கீழ்க்குழுவில் 0.7, நடுவில் 0.6, மேல்குழுவில் 0.2.

சராசரி_சங்கர்: பாத்தீங்களா! 0.53 யாருக்குமே பொருந்தல. மணிநேரம், போன வருடம் ரெண்டையும் பெருக்கின உறுப்பைச் சேர்க்காம ஒரே எண்ணை அறிக்கையில போடறது தப்பு.

எச்சம்: பெருக்கல் உறுப்பைச் சேர்ப்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அதற்கு முன் மேல்குழுவின் இந்த வருடத் தேர்வு மதிப்பெண்களைப் பாருங்கள். பாதிப் பேர் முழு மதிப்பெண்ணை ஒட்டி நின்றால் ஏற இடமே இல்லை. அந்த 0.2 படிப்பு பலிக்காததைக் காட்டுகிறதா, வினாத்தாளின் உச்சவரம்பைக் காட்டுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பனித்துளி: மேல்குழுவில் 66 பேர். அதில் 29 பேர் 95-க்கு மேல்.

சராசரி_சங்கர்: மீதி 37 பேரை மட்டும் வச்சுப் போட்டுப் பாருங்க.

எச்சம்: வேண்டாம்! விளைவைப் பார்த்து ஆட்களை வெட்டினால் சாய்வு இன்னும் தட்டையாகும். உச்சவரம்பைக் கணக்கில் எடுக்கும் டோபிட் மாடலைப் போடுங்கள்.

சராசரி_சங்கர்: டோபிட்டுக்குப் பிழைகள் நார்மலா பரவணும். உங்க தரவுல அது நிக்குமான்னே எனக்குச் சந்தேகம்.