லாஞ்ச் விழாவில் பேச வேண்டும், ஓவர்டைமைப் பற்றி எப்படிச் சொல்வது?

வணக்கம். நான் ஒன்பது பேர் கொண்ட டீமின் லீட். நான்கு மாத ஓவர்டைமுக்குப் பிறகு போன வாரம் ஆப் வெளியானது. வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் எழுதியது: "இரவு பகல் பாராமல் உழைத்த நம் வீரர்கள்." வாசித்தபோது எனக்கே உறுத்தியது. டீமில் இரண்டு பேர் கைக்குழந்தை இருப்பதால் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பணம் இரண்டு முறை பிடிக்கப்படும் கோளாறை லாஞ்சுக்கு முன்பே கண்டுபிடித்தது அவர்களில் ஒருவர்தான். விழித்திருந்த நேரத்துக்குக் கைதட்டினால் அவருக்கு என்ன மிச்சம்?

அதனால் மணிக்கணக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் எடுத்த ஒரு நல்ல முடிவைப் பெயரோடு சொல்லப் போகிறேன். அடுத்து இப்படி எழுதியிருக்கிறேன்:

"இரண்டாம் மாதம் புதிதாக மூன்று அம்சங்கள் சேர்ந்தன. தேதியைத் தள்ளக் கேட்காமல் சரி என்றது நான். உங்கள் சனி, ஞாயிறுகள் போனது அதனால்தான். அடுத்த முறை ஒன்று சேர்ந்தால் ஒன்று கழியும், இல்லையென்றால் தேதி நகரும். ஈடுசெய் விடுப்புக்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன், எந்த நாள் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்."

(ஒப்புதல் மெயில் கையில் இருக்கிறது. இல்லாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.)

என் குழப்பம் இரண்டு. மேலதிகாரிகளும் இருப்பார்கள், அங்கே என் தவறைச் சொன்னால் கொண்டாட்டம் சப்பென்று ஆகிவிடுமா? அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதா, பாராட்டுக்குப் பின்பா? இப்படிப் பேசியவர்கள், கேட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.